பிளக்ஸில் 12 லட்சம், வங்கிக் கணக்கில் எவ்வளவு? வளாக வேலைவாய்ப்புச் சம்பளம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி வாசல் பிளக்ஸில் என் மகள் படத்துக்குக் கீழே "ஆண்டுக்கு 12 லட்சம்" என்று போட்டிருக்கிறார்கள். அப்படியானால் மாதம் ஒரு லட்சம் வருமா?

வராது. பெரும்பாலும் 55,000 முதல் 60,000 ரூபாய்க்குள்தான் வரும். திருப்பரங்குன்றம் சாலையிலும் திருமங்கலம் பக்கமும் தொங்குகிற பிளக்ஸ்களில் உள்ள எண் சி.டி.சி. எனப்படுவது. உங்கள் மகளை வேலைக்கு வைத்துக்கொள்ள நிறுவனம் முதல் ஆண்டில் செலவழிக்கக்கூடிய மொத்தத் தொகை அது. அதற்குள் மாதச் சம்பளமும் இருக்கிறது, ஒரே ஒரு முறை தருகிற பணமும் இருக்கிறது, தந்தாலும் தரலாம் என்கிற பணமும் இருக்கிறது, அவள் கைக்கு நேராக வராத பணமும் இருக்கிறது. இவை எல்லாவற்றையும் கூட்டி எழுதுவது சட்டப்படி பொய் ஆகாது. அந்த எண்ணைப் பன்னிரண்டால் வகுத்து மாதச் சம்பளம் என்று நினைத்துக்கொள்வதில்தான் வீட்டில் கணக்குத் தவறுகிறது.

ஆஃபர் லெட்டரில் நான்கைந்து பக்கம் இருக்கிறது. அதில் எதைப் பார்ப்பது?

முதல் பக்கத்தில் வாழ்த்தும் பெரிய எண்ணும் இருக்கும். கடைசிப் பக்கங்களில் இணைப்பு என்ற தலைப்பில் ஓர் அட்டவணை இருக்கும். அதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்து எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தால், அதன் விளக்கம் இந்த அட்டவணைக்கு அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். பத்திரம் படிக்கிறவர் எல்லைகளைப் படிப்பதுபோல் அந்த அடிக்குறிப்பைப் படிக்க வேண்டும்.

விளங்கிக்கொள்வதற்காக ஒரு 12 லட்சம் ஆஃபரை நானே அமைத்துக் காட்டுகிறேன். தொகைகள் என்னுடையவை, அமைப்பு நாள்தோறும் பார்க்கிற அமைப்புதான்.

நிலையான சம்பளம் (மாதம் 60,000): 7,20,000
ஜாயினிங் போனஸ்: 2,50,000
வேரியபிள் பே: 1,50,000
நிறுவனத்தின் பி.எஃப். பங்கு: 43,200
கிராஜுவிட்டி: 17,316
மருத்துவக் காப்பீட்டு பிரீமியம்: 19,484
மொத்தம்: 12,00,000

மாதம் 60,000-இல் பேசிக் 30,000, வீட்டு வாடகைப் படி 12,000, மீதி 18,000 சிறப்புப் படி என்று வைத்துக்கொள்வோம். ஊழியரின் பி.எஃப். பங்காக பேசிக்கில் 12 சதவீதம், அதாவது 3,600 பிடிக்கப்படும். மீதி 56,400. தொழில் வரி அரையாண்டுக்கு ஒரு முறை கழியும். ஆண்டுக்கு அதிகபட்சம் 2,500 ரூபாய்தான் என்பதால் அதை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை. ஆக, 12 லட்சம் பேக்கேஜ் வாங்கிய பெண்ணின் கணக்கில் ஒவ்வொரு மாதமும் ஏறுவது 56,400 ரூபாய்.

பி.எஃப்., கிராஜுவிட்டி, காப்பீடு எல்லாம் நம் பணம்தானே? அதையும் சம்பளம் என்று சொல்வதில் என்ன தவறு?

பி.எஃப். உங்கள் பணம்தான். இன்று செலவழிக்க முடியாது, ஆனால் உங்கள் பெயரில் வட்டியோடு வளரும். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: சில நிறுவனங்கள் முழு பேசிக்கில் 12 சதவீதம் கட்டுகின்றன, சில நிறுவனங்கள் சட்டம் சொல்லும் 15,000 ரூபாய் உச்சவரம்பில் மட்டும் கணக்கிட்டு மாதம் 1,800 கட்டுகின்றன. இரண்டும் முறையானவையே.

கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டுப் போகும்போது நிறுவனம் தருகிற பணிக்கொடை, வேறு ரகம். நிரந்தர ஊழியருக்கு ஐந்து ஆண்டுப் பணி முடிந்தால்தான் அது கிடைக்கும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் குறித்த கால ஒப்பந்த ஊழியர்களுக்கு அதை ஓர் ஆண்டாகக் குறைத்திருக்கின்றன. வளாகத் தேர்வில் எடுக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் நிரந்தர ஊழியர்கள். முதல் வேலையில் ஐந்து ஆண்டு இருக்கப்போவதில்லை என்று நினைக்கிற பிள்ளைக்கு அந்த 17,316 தாளில் மட்டும் இருக்கிற பணம். பேசிக்கில் 4.81 சதவீதம் என்று ஒரு வரி தென்பட்டால் அது இதுதான்.

ஜாயினிங் போனஸ் கையில் வந்துவிட்டால் நம்முடையதுதானே?

நிபந்தனை முடியும்வரை அது கடன் மாதிரி. ஏறக்குறைய எல்லா ஆஃபர் லெட்டரிலும், குறிப்பிட்ட காலத்துக்குள் வேலையை விட்டால் போனஸைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு பத்தி இருக்கும். 12 மாதம், 18 மாதம், 24 மாதம் என்று நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அந்தப் பத்தியில் மூன்று செய்திகளைத் தேட வேண்டும்.

முதலாவது, முழுத் தொகையா, மீதிக் காலத்துக்கான பங்கா என்பது. நம் எடுத்துக்காட்டில் 2,50,000-க்கு 12 மாத நிபந்தனை என்று வையுங்கள். பத்து மாதம் முடித்து விலகுகிறாள். முழுத் தொகை என்று எழுதியிருந்தால் இரண்டரை லட்சமும் திரும்பப் போகும். மீதிக் காலப் பங்கு என்று எழுதியிருந்தால் இரண்டு மாதத்துக்கு உரிய சுமார் 41,667 மட்டும் போகும். ஒரே போனஸ், ஒரே விலகல், வித்தியாசம் இரண்டு லட்சத்துக்கு மேல்.

இரண்டாவது, யார் விலக்கினாலும் பொருந்துமா என்பது. "ஊழியர் தாமாக விலகினால்" என்று மட்டும் இருந்தால் நியாயம். "எந்தக் காரணத்தால் பணி முடிவுக்கு வந்தாலும்" என்று இருந்தால், நிறுவனம் ஆள்குறைப்பு செய்தாலும் பணத்தைக் கேட்க அந்த வரி இடம் தருகிறது. கையெழுத்துக்கு முன் இந்த ஒரு சொற்றொடரை மாற்றித் தரும்படி மின்னஞ்சலில் கேட்கலாம். மாற்றித் தர மறுத்தாலும், அவர்கள் எழுதும் பதில் உங்களிடம் இருக்கும்.

மூன்றாவது வரி சம்பந்தப்பட்டது. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

வேரியபிள் பே 1.5 லட்சம் என்று தெளிவாக எழுதியிருக்கிறதே, அது உறுதிதானே?

எழுதியிருப்பது இலக்குத் தொகை. கிடைப்பது இரண்டு மூன்று பெருக்கல்களுக்குப் பிறகு வருகிற தொகை. நிறுவனத்தின் அந்த ஆண்டு வருமானம் எப்படி, உங்கள் பிரிவு எப்படி, உங்களுக்கு மேலாளர் கொடுத்த மதிப்பீடு என்ன என்று ஒவ்வொன்றும் ஒரு சதவீதமாக வந்து உட்காரும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இன்னொரு வெட்டும் உண்டு: ஆண்டின் நடுவில் சேர்ந்தால் வேலை செய்த மாதங்களுக்கு மட்டும்தான் கணக்கு.

ஜூலை 1-இல் சேர்கிறாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் வரை ஒன்பது மாதம். 1,50,000-இல் ஒன்பது மாதப் பங்கு 1,12,500. நிறுவனம் அந்த ஆண்டு 70 சதவீதம் தருவதாக அறிவித்தால் 78,750. இதுவும் ஏப்ரலில் உடனே வராது. மதிப்பீடு முடிந்து மே, ஜூன் ஆகிவிடும். "வழங்கும் நாளில் பணியில் இருப்பவர்களுக்கு மட்டும்" என்ற வரி அநேகமாக இருக்கும். ஆகவே மார்ச் வரை முழு ஆண்டும் உழைத்துவிட்டு மே மாதம் விலகல் கடிதம் கொடுத்தவர்களுக்கு அது கிடைக்காமல் போவது வழக்கமாக நடக்கிறது.

நேர்காணலுக்கு முன் நிறுவனத்தார் வந்து பேசும் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்கலாம்: "கடந்த இரண்டு ஆண்டுகளில் புதியவர்களுக்கு வேரியபிள் எத்தனை சதவீதம் கொடுத்தீர்கள்?" வெளிப்படையான நிறுவனம் எண்ணைச் சொல்லும். "நன்றாக வேலை செய்தால் முழுவதும் கிடைக்கும்" என்று பதில் வந்தால் என் கணக்கில் நான் பாதிதான் போட்டுக்கொள்வேன்.

ஒரு பக்கம் இந்த 12 லட்சம். இன்னொரு நிறுவனம் 9.6 லட்சம், ஆனால் போனஸ் எதுவும் இல்லை. 12-ஐ விடுவது முட்டாள்தனம் இல்லையா?

போட்டுப் பார்த்துவிடுவோம். இரண்டாவது ஆஃபரில் நிலையான சம்பளம் 8,76,000, மாதம் 73,000. பேசிக் 36,500, பி.எஃப். பிடித்தம் 4,380, கைக்கு 68,620. மீதமுள்ள 84,000 ரூபாய் நிறுவனத்தின் பி.எஃப். பங்கு, கிராஜுவிட்டி, காப்பீடு. பிளக்ஸ் கணக்கில் முதல் ஆஃபர் ஆண்டுக்கு 2.4 லட்சம் அதிகம். மாதக் கணக்கில் அது 12,220 ரூபாய் குறைவு.

இரண்டு ஆண்டு முழுவதும் இருக்கிறாள், இடையில் ஊதிய உயர்வு எதுவும் இல்லை, முதல் நிறுவனம் இரண்டு முறையும் 70 சதவீத வேரியபிள் தருகிறது என்று வைத்தால்:

முதல் ஆஃபர்: சம்பளம் 13,53,600, ஜாயினிங் போனஸ் 2,50,000, வேரியபிள் 78,750 மற்றும் 1,05,000. மொத்தம் 17,87,350.
இரண்டாவது ஆஃபர்: 16,46,880.

முதல் ஆஃபர் 1,40,470 ரூபாய் முன்னே நிற்கிறது. ஆக, 12 லட்சம் வெறும் ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எந்த நிபந்தனையில் முன்னே நிற்கிறது என்று பாருங்கள். வேரியபிள் வராமல் போனால் முதல் ஆஃபர் 16,03,600-இல் நின்றுவிடும். இரண்டாவது 43,280 முந்திவிடும். போனஸுக்கு 24 மாத நிபந்தனை, முழுத் தொகையும் திருப்ப வேண்டும் என்று இருந்து, பதினெட்டாவது மாதத்தில் அவள் விலகினால், முதல் ஆஃபரில் மிஞ்சுவது 10,93,950. இரண்டாவதில் அதே பதினெட்டு மாதத்துக்கு 12,35,160.

மூன்றாம் ஆண்டிலிருந்து போனஸ் கிடையாது. அப்போது 70 சதவீத வேரியபிளைச் சேர்த்தாலும் இரண்டாவது ஆஃபர் ஆண்டுக்கு 41,640 கூடுதல். ஊதிய உயர்வு நிலையான சம்பளத்தின் மேல்தான் விழும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் 8 சதவீதம் கூட்டினால் 60,000 என்பது 64,800 ஆகும், 73,000 என்பது 78,840 ஆகும். 13,000 ஆக இருந்த இடைவெளி 14,040 ஆகிவிடும். வேலை மாறும்போது அடுத்த நிறுவனத்தின் மனிதவளத் துறை முதலில் கேட்பதும் நிலையான சம்பளத்தைத்தான்.

என் முடிவு: இரண்டு ஆண்டு கண்டிப்பாக இருப்பேன், வீட்டில் உடனே பணத் தேவை இருக்கிறது என்றால் முதலாவது. வேறு எதுவானாலும் இரண்டாவது.

கிளாஸ்மேட் ஒருவனுக்கு இரண்டாம் ஆண்டு சம்பளம் குறைந்துவிட்டதாம். அப்படிச் செய்யலாமா?

குறைக்கவில்லை. ஜாயினிங் போனஸ் பட்டியலிலிருந்து போய்விட்டது, அவ்வளவுதான். நம் எடுத்துக்காட்டில் இரண்டாம் ஆண்டு சி.டி.சி. 9.5 லட்சம். 8 சதவீத உயர்வு கொடுத்தாலும் 12-ஐ எட்டாது.

பிளேஸ்மென்ட் செல்லில் "ஒரு மாணவருக்கு ஒரு வேலை" என்கிறார்கள். இதற்கும் பேக்கேஜ் எண்ணுக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு உண்டு, பெற்றோர்கள் கவனிக்காத இடமும் இதுதான். பல கல்லூரிகளில் ஒரு வேலை கிடைத்த மாணவர் அடுத்த நிறுவனத்துக்கு உட்கார முடியாது. விதிவிலக்கு ஒன்று வைத்திருப்பார்கள்: புதிதாக வரும் நிறுவனம் கையில் இருக்கும் பேக்கேஜைப் போல ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ தந்தால் அனுமதி. அந்த ஒப்பீட்டைச் செய்வது சி.டி.சி. எண்ணை வைத்துத்தான்.

ஆகஸ்டில் அந்த 12 லட்சம் நிறுவனம் வந்து எடுத்துவிட்டது. விதி ஒன்றரை மடங்கு. இனி 18 லட்சம் தரும் நிறுவனத்துக்குத்தான் அவளை உட்கார விடுவார்கள். செப்டம்பரில் வருகிறது, மாதம் 73,000 தருகிற அந்த 9.6 லட்சம் நிறுவனம். நிலையான சம்பளத்தில் அது மேல். விதியின் கண்ணில் கீழ். அவளுக்கு அந்தக் கதவு மூடியாயிற்று. போனஸைச் சேர்த்துப் பெரிதாக்கிய எண் அவளுக்கு உதவியதைவிட, வளாகத்துக்கு முந்தி வந்த நிறுவனத்துக்குத்தான் அதிகம் உதவியது.

விதியை நிலையான சம்பளத்தின்மேல் கணக்கிடும்படி மாணவர் பிரதிநிதிகள் பயிற்சி மற்றும் வேலைவாய்ப்பு அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். ஆறாம் செமஸ்டரிலேயே, நிறுவனங்கள் வரத் தொடங்கும் முன் கேட்டால்தான் பயன்.

ஜாயினிங் போனஸுக்கு வரி உண்டா?

உண்டு. கிடைத்த ஆண்டின் சம்பள வருமானத்தோடு சேரும். ஆனால் நம் எடுத்துக்காட்டில் வரி வராது. 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் 75,000 நிலையான கழிவு போக 12 லட்சம் வரை தள்ளுபடியால் வரி பூஜ்யம். ஜூலையில் சேர்ந்தவளுக்கு மார்ச் வரை சம்பளம் 5,40,000, போனஸ் 2,50,000, மொத்தம் 7,90,000-தான்.

தொகை பெரிதானால் கதை மாறும். மாதம் 1.5 லட்சம் நிலையான சம்பளம், ஜாயினிங் போனஸ் 10 லட்சம், ஜூலையில் பணி என்றால், அந்தப் போனஸால் மட்டும் கூடுகிற வரி செஸ் சேர்த்து சுமார் 2,05,000. கையில் வருவது 7,95,000 அளவில். இடையில் விலகினால் நிறுவனம் கேட்பதோ பல நேரங்களில் முழுப் பத்து லட்சம். மேலே சொன்ன மூன்றாவது செய்தி இதுதான்: திருப்பித் தர வேண்டியது வரி பிடித்த பிறகு கிடைத்த தொகையா, பிடிக்கும் முன் உள்ள தொகையா என்று லெட்டர் சொல்கிறதா பாருங்கள். சொல்லாவிட்டால் கேளுங்கள்.

செய்தித்தாளில் 40 லட்சம், 50 லட்சம் என்று வருகிறதே, அதுவும் இதே கதைதானா?

அங்கே கூடுதலாகப் பங்குகள் வரும். நிறுவனத்தின் பங்குகளை நான்கு ஆண்டில் பகுதி பகுதியாகத் தருவதாகச் சொல்வார்கள். பல நேரங்களில் நான்கு ஆண்டுப் பங்கின் மொத்த மதிப்பையும் முதல் ஆண்டுச் சம்பளத்தோடு கூட்டித் தலைப்பு எண் ஆக்குவார்கள். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமானால் அந்தப் பங்கை விற்றுப் பணமாக்கலாம். பட்டியலிடப்படாத புதிய நிறுவனமானால், விற்க வழி வரும்வரை அது நம்பிக்கை மட்டும்.

கல்விக் கடன் தவணையை எந்த எண்ணை வைத்துத் திட்டமிடுவது?

மாதம் கைக்கு வரும் தொகையை வைத்து. 6 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, ஏழு ஆண்டு என்றால் தவணை சுமார் 9,960. அது 56,400-இலிருந்து போக வேண்டும். ஜாயினிங் போனஸ் வந்ததும் கடனில் ஒரு பகுதியை அடைக்கலாமே என்று அப்பாக்கள் கேட்பார்கள். அடைக்கலாம்; ஆனால் திருப்பித் தரும் நிபந்தனைக் காலம் முடிந்த பிறகு. அதுவரை வைப்பு நிதியில் கிடக்கட்டும். தீபாவளி போனஸை நம்பி யாரும் மாத வாடகைக்கு வீடு பிடிப்பதில்லை அல்லவா?

கல்லூரியில் சேர்க்கும்போதே உண்மை நிலையை எப்படித் தெரிந்துகொள்வது? எல்லோரும் அதிகபட்ச பேக்கேஜைத்தான் சொல்கிறார்கள்.

அதிகபட்சம் ஒரு மாணவரின் எண். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள், எத்தனை பேர் இறுதியாண்டு முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேல்படிப்பு, வேலை பெற்றவர்களின் இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்று கொடுக்க வேண்டும். அந்த அறிக்கையைத் தங்கள் இணையதளத்திலும் வைத்திருப்பார்கள். இடைநிலைச் சம்பளம் என்றால் பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் அதற்குக் கீழ். சேர்க்கை அலுவலகத்தில் உட்காரும் முன் அந்த அறிக்கையைக் கைப்பேசியில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

அதிலும் கல்லூரி தருவது சி.டி.சி.யாக இருக்கக்கூடும். இன்னொன்று, ஆஃபர்களின் எண்ணிக்கையும் வேலை பெற்ற மாணவர்களின் எண்ணிக்கையும் வெவ்வேறு. ஒரே பிள்ளைக்கு மூன்று ஆஃபர் என்றால் விளம்பரத்தில் மூன்று.

இத்தனை ஆண்டுக்குள் விலகினால் பணம் கட்டுவேன் என்று பாண்டு எழுதிக் கொடுத்தால் அது கட்டுப்படுத்துமா? நீதிமன்றத்தில் நிற்காது என்கிறார்களே.

அப்படி நம்பிக் கையெழுத்திட வேண்டாம். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் தர வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பளித்தது. தொகை நியாயமானதா என்பதை நீதிமன்றம் பார்க்கும். நிபந்தனையே செல்லாது என்பது பழைய நம்பிக்கை. ஜாயினிங் போனஸைத் திருப்பும் நிபந்தனையும் பாண்டும் ஒரே லெட்டரில் இருந்தால், விலகும்போது இரண்டையும் கட்ட வேண்டி வருமா என்று தனித்தனியே கேளுங்கள்.

மதுரையிலேயே, இலந்தைக்குளம் பக்கம், மாதம் 40,000 என்று ஒரு வேலை. சென்னையில் அந்த 12 லட்சம். ஒப்பிடவே முடியாது என்கிறான் பையன்.

பிளக்ஸ் எண்களை ஒப்பிட்டால் அப்படித்தான் தெரியும். மாத எண்களை ஒப்பிடுங்கள். 40,000-இல் பேசிக் 20,000 என்றால் பி.எஃப். 2,400 போக 37,600. அங்கே 56,400. இடைவெளி 18,800. சென்னையில் விடுதி வாடகை, சாப்பாடு, அலுவலகம் போய்வரும் செலவு, மாதம் ஒரு முறை மாட்டுத்தாவணிக்கு வந்துபோகும் பஸ் டிக்கெட், பண்டிகை நாளில் ஆம்னி பஸ் கட்டணம் எல்லாவற்றையும் எழுதிக் கூட்டட்டும். அங்கே ஏற்கெனவே வேலை செய்கிற சீனியர் ஒருவரிடம் அவருடைய உண்மையான செலவைக் கேட்டு எழுதினால் இன்னும் நல்லது. 18,800-ஐத் தாண்டினால், முதல் ஆண்டில் அவனுக்கு மிச்சமாவது ஜாயினிங் போனஸ் மட்டும்.

அதற்காக மதுரைதான் சிறந்தது என்று சொல்ல வரவில்லை. நிலையான சம்பளம் 60,000-இல் தொடங்குகிறவன் அடுத்த வேலைக்கு அந்த எண்ணோடு போவான். 40,000-இல் தொடங்குகிறவன் அதிலிருந்துதான் ஏற வேண்டும். பையன் அந்த 20,000 வித்தியாசத்துக்காகப் போகிறேன் என்றால் அனுப்பி வையுங்கள். 12 லட்சத்துக்காகப் போகிறேன் என்றால், இணைப்புப் பக்கத்தைப் பிரித்து அவன் முன்னால் வையுங்கள்.